நெற்றியில் மஞ்சள் குழி, மூக்கோரம் கருமுத்து

திருமலையில் முடி காணிக்கை செலுத்திவிட்டு மலையிறங்குபவர்களில் சிலர் அடுத்த வாரமே சித்தூரில் என்னைத் தேடி வருவார்கள். கல்யாணகட்டாவில் தலையை நனைத்து, சில நிமிடங்களில் மழித்து விட்டுவிடுவார்கள். அதுவரை முடி மூடி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வரும். சின்ன வயதில் விழுந்து தைத்த தழும்பு, பொடுகுப் படை, முடி தொடங்கும் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் புடைப்புகள் என்று பலதும் இருக்கும். கத்தி அந்தப் புடைப்புகளில் ஒன்றை உரசிவிட்டால் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்ததும் பயம் வரும்.

அப்படித்தான் ஒரு ஆடி மாதம் அவர் வந்தார். வயது 54. சித்தூரை ஒட்டிய ஊரில் மாங்காய் மண்டி. தோத்தாபுரி காலம் முழுக்க லாரிகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று எடை பார்ப்பவர். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் மஞ்சளாய் ஒட்டியிருந்தது.

"நெத்தியில நாலஞ்சு வருஷமா இருக்குது டாக்டர். வலியில்ல, அரிப்பும் இல்ல. மொட்ட போட்டப்ப கத்தி பட்டு ரத்தம் வந்துடுச்சு. பொண்ணு போன்ல தேடிப் பாத்துட்டு, அப்பா இது கேன்சர் மாதிரியே இருக்குன்னு அழுவுறா."

மகள் கையிலிருந்த போனில் ஒரு வெள்ளைக்காரரின் நெற்றி. அதில் பளபளப்பான ஒரு புடைப்பு, நடுவில் பள்ளம், மேலே மெல்லிய சிவப்பு நரம்புகள். அடிச்செல் புற்று என்று கீழே போட்டிருந்தது. அப்பாவின் நெற்றியிலும் புடைப்பு, நடுவில் பள்ளம், உற்றுப் பார்த்தால் மெல்லிய சிவப்புக் கோடுகள். அந்தப் பெண் ஒப்பிட்டது தவறில்லை. தோல் மருத்துவப் பாடநூல்களும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகின்றன. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். பழகிய கண்ணும் சில நேரம் தடுமாறும்.

அவர் நெற்றியில் ஒன்பது புடைப்புகள் இருந்தன. இரண்டு மில்லிமீட்டரிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வரை. நிறம் உறைந்த நெய்யின் நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் தொப்புள் போல ஒரு சின்னக் குழி. தொட்டால் மெத்தென்றிருந்தது. மஞ்சளாக இருக்கிறதே என்று கொழுப்புப் பரிசோதனையும் செய்து, தாளைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பலரும் இப்படிச் செய்கிறார்கள். கொலஸ்ட்ரால் படிவது பெரும்பாலும் கண்ணிமையின் உள்மூலையில், தட்டையான மஞ்சள் பட்டையாக. நெற்றியில் குழி விழுந்து நிற்கும் இந்த மணிகளுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் இரண்டிலும் கொழுப்பால் வருவதுதான். ஆனால் இது தோலே தயாரிக்கும் கொழுப்பு.

தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தில் அவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 வரை இருக்கும். சுரப்பி என்றால் குழாய் வழியாக எதையோ கசியவிடும் பை என்று நினைத்துக்கொள்வோம். எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்வது வேறு விதம். சுரப்பியின் ஓரத்தில் இளம் செல்கள் பிறக்கின்றன. அவை நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே வயிற்றில் கொழுப்பை நிரப்பிக்கொள்கின்றன. நடுவை அடையும்போது செல் முழுவதும் கொழுப்பாகி, உடைந்து, தானே எண்ணெயாகிக் குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. நெற்றியைத் துடைத்தால் கைக்குட்டையில் ஒட்டும் பிசுபிசுப்பு, இப்படி உடைந்துபோன செல்கள்தாம். பிறப்பிலிருந்து உடைவது வரை ஒரு செல்லுக்கு இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

இந்த நடையை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூட்டம். பெண்களுக்கும் அது உண்டு, அளவு குறைவு. நாற்பதைத் தாண்டும்போது ஆண்ட்ரோஜன் மெல்ல இறங்குகிறது. அப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. செல்கள் பிறப்பது நிற்பதில்லை, ஆனால் நடுவை நோக்கி அவை நகரும் வேகம் குறைந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டிய செல் ஒரு மாதம் போல உள்ளேயே தங்கிவிடுகிறது. பின்னால் வருகிறவை வந்துகொண்டேயிருக்க, முன்னால் இருப்பவை நகராமல் நிற்க, சுரப்பி பருத்துப்போகிறது. இயல்பான அளவைப் போலப் பத்து மடங்கு வரை கூடப் பெருக்கும். இதற்கு மருத்துவப் பெயர் செபேஷியஸ் ஹைப்பர்பிளேசியா. தமிழில் எண்ணெய்ச் சுரப்பிப் பெருக்கம் என்று சொல்லலாம். வேகம் ஏன் குறைகிறது என்பதில் வெயிலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று சொல்கிறார்கள். வயது என்பதில் சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் மூக்கு நுனியைப் பார்த்தால் ஊசி முனையளவு மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதுவும் இதே சுரப்பிகள் பருத்ததுதான். தாயின் ஹார்மோன் கர்ப்பத்தில் அவற்றைத் தட்டி எழுப்பியதால் வருவது. சில வாரத்தில் தானே மறைந்துவிடும். குழந்தைக்கு ஹார்மோன் கூடியதால் வருவது, பாட்டனுக்கு ஹார்மோன் குறைந்ததால் வருகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் போகவில்லை.

இந்தச் சுரப்பியின் அமைப்பைப் புரிந்துகொண்டால், நெற்றியில் தெரியும் அடையாளம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக விளங்கும். மஞ்சள் நிறம், கொழுப்பு நிரம்பிய செல்கள் மெல்லிய மேல்தோல் வழியே தெரிவதால். மெத்தென்றிருப்பதும் அதனால்தான். நடுக்குழி என்பது சுரப்பியின் குழாய் வெளியே திறக்கும் வாய். சுற்றிலும் இருக்கும் மடல்கள் பருத்து மேலெழும்ப, வாய் மட்டும் தாழ்ந்து நிற்கிறது. மெதுவாக அழுத்தினால் சில நேரம் அந்த வாயில் ஒரு துளி எண்ணெய் எட்டிப் பார்க்கும்.

ரத்தக் குழாய்களின் கதைதான் முக்கியம். நான் டெர்மோஸ்கோப்பை எடுத்தேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி, சுற்றிலும் விளக்கு. நெற்றியில் கொஞ்சம் ஜெல் தடவி வைத்துப் பார்த்தால் தோலின் மேல்பரப்புப் பளபளப்பு விலகி, கீழே இருப்பது தெரியும். ஒரு புடைப்பில் வைத்துவிட்டு மகளைப் பார்க்கச் சொன்னேன். நடுவில் குழி. அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் மேகத் துணுக்குகள் போல மடல்கள். ஓரத்திலிருந்து மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளம்பி, வளைந்து, நடுவை நோக்கி வந்து, குழியைத் தொடாமலே நின்றுவிடுகின்றன. ஒரு கிரீடத்தின் முனைகள் போல. ரத்தக் குழாய்கள் மடல்களுக்கு இடையிலும் ஓரத்திலும்தான் ஓட முடியும். நடுவில் இருப்பது எண்ணெய் வெளியேறும் வாய். அங்கே அவற்றுக்கு வேலையில்லை.

அடிச்செல் புற்றில் ரத்தக் குழாய்களுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தோலின் அடிவரிசையிலிருந்து கிளம்பும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, தங்களுக்கென்று புதிய குழாய்களை இழுத்துக்கொள்கின்றன. அவை கட்டியின் மேலேயே படர்கின்றன. தடித்த ஒரு குழாய் வந்து, கிளைத்து, கிளை மறுபடி கிளைத்து, இலையுதிர்ந்த மரம் போல நடுவைக் கடந்து மறுபக்கம் போகும். குழி இருந்தால் அது வாயல்ல. கட்டி உள்ளே அழுகியதால் விழுந்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் பெரும்பாலும் பொருக்கு இருக்கும். முத்துப் போன்ற பளபளப்புக்கும் காரணம் உண்டு. செல்கள் தீவுத் தீவாகத் திரண்டு, அவற்றுக்கிடையே வழுவழுப்பான பசை போன்ற பொருள் தேங்கியிருக்கும். மேல்தோல் மெலிந்துபோயிருக்கும். வெளிச்சம் அதனுள் புகுந்து சிதறித் திரும்புவதால் முத்தின் ஒளி வருகிறது.

கருவி இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழியிருக்கிறது. புடைப்பின் இருபுறமும் விரல் வைத்துத் தோலை மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். எண்ணெய்ச் சுரப்பிப் புடைப்பானால் மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும், ஓரம் சுற்றியுள்ள தோலோடு கலந்துவிடும். அடிச்செல் புற்றானால் ஓரத்தில் நூல் சுற்றியது போல உயர்ந்த, பளபளக்கும் ஒரு விளிம்பு தனியாக எழும்பித் தெரியும். இது முடிவான சோதனை அல்ல. மருத்துவரிடம் போக வேண்டுமா என்று தீர்மானிக்க மட்டும் உதவும்.

இனி அந்த ரத்தம். சும்மா தொட்டாலே ரத்தம் வருவது புற்றின் முக்கிய அடையாளம் என்று மகள் படித்திருந்தாள். உண்மைதான். ஆனால் சவரக் கத்தி உரசினால் எந்தப் புடைப்பிலும் ரத்தம் வரும். மேடாக இருப்பதைத்தான் கத்தி முதலில் தொடும். எனவே நான் கேட்ட கேள்வி ரத்தம் வந்ததா என்பதல்ல. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது.

"அன்னைக்கு மட்டும்தான் டாக்டர். மறுநாள் காஞ்சிருச்சு. நாலு நாள்ல பக்கு உதுந்துருச்சு."

கீழே என்ன இருந்தது? பழையபடி அதே மஞ்சள் மணி. இந்தப் பதில் எனக்குப் போதும். கத்திக் காயம் ஒரு வாரத்தில் ஆறி, திரும்ப ரத்தம் வராமலிருந்தால் அது கத்தியால் வந்தது. புற்றில் அந்த ஆறுதல் நிலைக்காது. பொருக்கு கட்டும், உதிரும், கீழே ஈரமாக இருக்கும். துண்டால் முகம் துடைத்தால் கூட மறுபடி ரத்தம் கசியும். மறுபடி பொருக்கு. ஆறிவிட்டது என்று நினைத்த இடம் நான்கு வாரம் கழித்தும் அப்படியே இருக்கும். மொட்டை போட்ட பிறகு வருகிற யாரிடமும் நான் முதலில் தேதியைக் கேட்பது இதற்காகத்தான். கத்தி பட்ட நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று, நடுவில் எத்தனை முறை ஆறி ஆறாமல் போயிற்று என்பதை எண்ணினால் பாதி விடை கிடைத்துவிடும்.

எட்டுப் புடைப்புகளில் சந்தேகமே இல்லை. ஒன்பதாவது வலது பொட்டுக்கு மேலே இருந்தது. நான்கு மில்லிமீட்டர். மற்றவற்றை விட மஞ்சள் குறைவு. குழி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. டெர்மோஸ்கோப்பில் ஒரு சிவப்புக் கோடு நடுவைத் தாண்டிப் போவது போலத் தெரிந்தது. போவது போலத்தான். திரும்பத் திரும்பப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்ணெய்ச் சுரப்பிப் புடைப்புகளிலும் எப்போதாவது ஒரு குழாய் குறுக்கே போவதுண்டு. கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாத இடம் ஒன்று இந்த விஷயத்தில் எப்போதும் இருக்கிறது. அந்த இடத்தில் சதையை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சதை எடுப்பது என்றதும் அவர் மனைவி கலங்கிவிட்டார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம். பரவாது. அடிச்செல் புற்று வேறு உறுப்புக்குப் பரவுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சோதனைக்காக எடுப்பதால் அது பரவுவதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் புடைப்பின் நடுவில் அழுத்திச் சுழற்றி, சின்ன உருளை போலச் சதையை எடுத்து ஃபார்மலினில் போட்டேன். ஒரே ஒரு தையல். ஐந்தாம் நாள் பிரித்தாயிற்று. இதில் ஆழம் முக்கியம். மேலாகச் சீவி எடுத்து அனுப்பினால் மேல்தோல் மட்டும் போய்ச் சேரும். அறிக்கையில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று வரும். அதை நம்பி நோயாளி போய்விடுவார். கட்டி கீழே இருந்தபடியே இருக்கும்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. நடுவில் அகன்ற ஒரு குழாய், அதைச் சுற்றித் திராட்சைக் குலை போல முதிர்ந்த சுரப்பி மடல்கள், ஒவ்வொரு செல்லும் கொழுப்புத் துளிகளால் நுரைத்து வெளுத்துத் தெரிகிறது. எண்ணெய்ச் சுரப்பிப் பெருக்கம்தான். புற்றாயிருந்தால் படம் வேறாயிருக்கும். கருநீலமாகச் சாயமேறிய சின்னச் செல்கள் திட்டுத் திட்டாக இறங்கியிருக்கும். ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் செல்கள் வேலிக்கம்பு நட்டது போல நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். திட்டுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நடுவே ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். கண்ணாடித் தகட்டில் இந்த இரண்டையும் மாற்றி எடுத்துக்கொள்வது கடினம்.

அவருக்கு அத்தோடு கவலை தீர்ந்தது. இந்தப் புடைப்புகள் புற்றாக மாறுவதில்லை. தொற்றுவதும் இல்லை. விட்டுவிட்டால் சில மில்லிமீட்டரோடு நின்று அப்படியே இருக்கும்.

நான் இவ்வளவு எழுதுவதற்கு அவர் மட்டும் காரணமில்லை. அதே ஆண்டு புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா காரணம். வயது 61. நிலக்கடலை வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் நாற்பது வருடம் கூலி வேலை. அவர் வந்தது காலில் இருந்த படைக்கு. முகத்தில் இருந்ததைப் பற்றி அவர் பேசவேயில்லை. மூக்கின் இடது இறக்கை கன்னத்தோடு சேரும் மடிப்பில் கருப்பாக ஒரு மணி, ஆறு மில்லிமீட்டர். மூக்குத்திக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

"இது எப்பம்மா வந்தது?"

"அது மச்சம் சார். மூணு வருஷமா இருக்குது. நடுவுல புண்ணாச்சுன்னு சுண்ணாம்பும் சோடாவும் வெச்சாங்க. ஆறிடுச்சு. மறுபடி வந்துது."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுபவர்கள். தெலுங்கில் மச்சத்துக்குப் புட்டுமச்ச என்று பெயர். புட்டு என்றால் பிறப்பு. பிறக்கும்போது கூடவே வந்தது என்று அந்தச் சொல்லே சொல்கிறது. தமிழில் மச்சம் என்னும்போது அந்த முன்சொல் இல்லை. அதனால் கருப்பாக எது எந்த வயதில் வந்தாலும் மச்சம்தான். ஐம்பத்தெட்டு வயதில் முகத்தில் புதிதாக வந்த கருப்பு மணியை நான் மச்சம் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். மச்சம் பெரும்பாலும் நாற்பதுக்குள் வந்து முடிந்துவிடுகிற ஒன்று.

இணையத்தில் கிடைக்கும் படங்களும் வெளிநாட்டுப் பாடநூல்களும் நம்மைக் கைவிடுவது இங்கேதான். அவற்றில் அடிச்செல் புற்று என்றால் இளஞ்சிவப்பு முத்து. வெள்ளைத் தோலில் அது அப்படித்தான் இருக்கும். அங்கே நிறமி ஏறிய அடிச்செல் புற்று சிறுபான்மை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கட்டிக்குள் மெலனின் நிறமி சேர்ந்துகொள்கிறது. பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள் கருப்பாகவோ கருநீலமாகவோ தான் இருக்கும். நமக்கு இந்தப் புற்று வெள்ளையரை விட மிகக் குறைவாகவே வருகிறது என்பது உண்மை. மெலனின் தரும் பாதுகாப்பு அது. ஆனால் வரும்போது முத்தாக வருவதில்லை. கருமுத்தாக வருகிறது. எனவே போனில் பார்த்த படத்தோடு ஒப்பிடும் ஒருவர் தன் நெற்றியில் இருக்கும் தீங்கில்லாத மஞ்சள் குழியைக் கண்டு நடுங்குவார். மூக்கோரம் இருக்கும் கருமணியை மச்சம் என்று விட்டுவிடுவார். இரண்டு தவறும் ஒரே படத்திலிருந்து பிறக்கின்றன.

அந்த அம்மாவின் மூக்கோரத் தோலை இழுத்துப் பிடித்தேன். கருப்புக்குக் கீழே ஓரத்தில் நூல் போன்ற விளிம்பு, அதில் ஈரம் பட்டது போல ஒரு மினுமினுப்பு. கருமைக்குள்ளும் அந்த முத்தொளி இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த பொருக்கைப் பஞ்சால் நனைத்து எடுத்தவுடன் ரத்தம் துளிர்த்தது. டெர்மோஸ்கோப்பில் சாம்பல் கலந்த நீல முட்டைகள் போலத் திட்டுகள். ஓரத்தில் விரலிலை போல விரிந்த பழுப்பு நிறப் பகுதிகள். குறுக்கே ஓடும் ஒரு கிளைத்த குழாய். மஞ்சள் என்பது எங்கும் இல்லை. சதைச் சோதனை முடிவு வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவும் அப்படியே வந்தது.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் வைப்பது எங்கள் ஊர்களில் மருவுக்குச் செய்யும் வழக்கம். அந்தக் காரம் மேலே இருப்பதை எரித்துவிடும். புண் ஆறும். ஆறியதும் போய்விட்டது என்று தோன்றும். கட்டியின் வேர் மடிப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அழகு நிலையங்களில் மின்சார ஊசியால் பொசுக்குவதும் இதே கதைதான். பார்க்காமல் பொசுக்கினால், பார்ப்பதற்கு இருந்த சான்றும் சேர்ந்து எரிந்துபோகிறது. என்னவென்று தெரியாத எதையும் எரிக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

இந்தப் புற்றை 1827-இல் முதன்முதலாக விவரித்தவர் டப்ளினைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப். கண்ணிமையை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போகும் புண் என்று எழுதினார். பின்னால் இதற்கு எலி கொறித்த புண் என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது. உயிரைப் பறிப்பது மிக அரிது. ஆனால் மூக்கின் குருத்தெலும்பு, கண்ணிமை, காதுமடல் எதையும் அது விடாது. அவசரமும் படாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும். அந்த நிதானம்தான் மக்களை ஏமாற்றுகிறது. வலித்தால் வந்திருப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான, எல்லை தெளிவாகத் தெரியும் கட்டிக்குச் சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு வேர் முழுதும் வந்துவிடும். முதுகில் நான்கு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. மூக்கு இறக்கையின் மடிப்பில் அது பெரிய இடம். எடுத்தபின் வெறுமனே இழுத்துத் தைத்தால் மூக்கு கோணிவிடும். கன்னத்துத் தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் சர்ஜன் தேவை. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர், வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். எங்கள் நோயாளிகள் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவார்கள். அவர் மகன் வேலூரில் வேலை செய்வதால் அங்கே போனார்கள். எடுத்த சதையின் ஓரங்களில் கட்டி இல்லை என்று அறிக்கை வந்தது. மூன்று வருடம் முன்பு, இரண்டு மில்லிமீட்டராக இருந்தபோது வந்திருந்தால் மூன்று தையலில் முடிந்திருக்கும்.

மண்டிக்காரர் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். பயம் போய்விட்டது. மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். போட்டோவில் நன்றாகத் தெரிய, நெற்றியை வழவழப்பாக்க முடியுமா என்று கேட்டார். முடியும். குறைந்த மின்சாரத்தில் ரேடியோ அலைக் கருவியால் ஒவ்வொரு புடைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டச் செய்யலாம். இங்கே ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழும். நம் தோலில் கருப்புத் தழும்பும் நிற்கும். திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் சில நேரம் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். மாநிற நெற்றியில் அது மஞ்சள் மணியை விட அதிகம் கண்ணை உறுத்தும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சுரப்பிகளைச் சுருக்கும். சில வாரத்தில் புடைப்புகள் தட்டையாகிவிடும். நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்பி வரும். கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்கள் அதைத் தொடவே கூடாது. கருவுக்குப் பெரும் ஊனம் வரும். பிதுக்கி எடுத்தால் ஒரு துளி எண்ணெய் வரும், சுரப்பி அப்படியே இருக்கும். எதைச் செய்தாலும் வயது அப்படியே இருப்பதால் பக்கத்தில் புதிதாக வருவதைத் தடுக்க வழியில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெரிதாகத் தெரிந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள். புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க அவர்களில் சிலர் சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறார்கள். அந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பிகளைப் பருக்கச் செய்யும். முப்பது வயதிலேயே நெற்றி, கன்னம் முழுக்க மஞ்சள் மணிகள் வரும். அதே மருந்துகள் நோய் எதிர்ப்பை அடக்குவதால் தோல் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரே நெற்றியில் தீங்கில்லாதது பத்தும் தீங்கானது ஒன்றும் கலந்து நிற்கலாம். மண்டிக்காரருக்கு நான் ஒன்பதில் ஒன்றைச் சந்தேகித்தது போல அவர்களுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது.

ஒருமுறை அடிச்செல் புற்று வந்தவருக்கு இன்னொன்று வேறிடத்தில் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். அதனால் புத்தூர் அம்மாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறார். தழும்பு மூக்கு மடிப்போடு சேர்ந்து ஒரு வெளிர்க்கோடாக நிற்கிறது. இரண்டு விரலால் அதை இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தில் மினுமினுப்பு ஏதும் எழுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு கண்ணிமைகள், காதுக்குப் பின்புறம், முடி தொடங்கும் இடம். போன முறை நெற்றியில் நான் நின்றதும் பயந்துபோய்க் கேட்டார்: "அங்கயும் வந்துடுச்சா சார்?" இரண்டு மஞ்சள் மணிகள், நடுவில் தொப்புள், ஓரத்தோடு நின்றுவிட்ட கோடுகள். இது வயசுக்கு வர்றதும்மா, இருக்கட்டும் என்றேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து, இழுத்துப் பிடித்துப் பார்க்க அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.